ஐசி இருக்கா மனே? கிரானில் முதல் வாக்குக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. காலை 7 மணிக்கு வாக்களிப்பு நிலையங்கள் திறக்கும், மாலை 4 மணிக்கு மூடும். இதை வாசிக்கும்போது நீங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக் கொண்டிருக்கலாம், கொழும்பிலிருந்து வந்த இரவு பஸ்ஸால் இப்போதுதான் கிரான் சந்தியில் இறங்கியிருக்கலாம். எங்கே இருந்தாலும் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பையைத் திறந்து அடையாள அட்டையைக் கண்ணால் பாருங்கள். போனில் இருக்கும் அதன் படத்தையோ போட்டோ கொப்பியையோ பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். அட்டையே கையில் இருக்க வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் கிரான் சந்தியிலும் அதற்கு அப்பால் ஆற்றங்கரைப் பக்கமும் பதினைந்து இருபது பிள்ளைகளோடு கதைத்தேன். எல்லாரும் செப்டெம்பரிலோ இன்றோ முதல்தடவையாக வாக்களிக்கிறவர்கள். யாருக்குப் போடுவது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருந்த மாதிரித் தெரியவில்லை. எதைக் கொண்டு போவது என்பதில்தான் குழப்பம். பாதிப்பேர் தபாலில் வந்த வாக்காளர் அட்டையைக் காட்டி, "இது இருக்குதானே அண்ணன்" என்றார்கள். இரண்டு பேருக்கு அந்த அட்டை வரவில்லை. ஆகையால் தங்களுக்கு வாக்கே இல்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். இரண்டு நினைப்புமே பிழை.

வாக்காளர் அட்டை என்று நாம் சொல்வது தேர்தல்கள் ஆணைக்குழு தபாலில் அனுப்பும் அறிவித்தல் மட்டுமே. உங்கள் பெயர் இடாப்பில் எத்தனையாவது இலக்கத்தில் இருக்கிறது, எந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்று அது சொல்லும். அதைக் கொண்டு போனால் அலுவலர் உங்கள் பெயரை உடனே கண்டுபிடிப்பார், வரிசை வேகமாக நகரும். ஆனால் அது உங்கள் ஆளடையாளத்தை உறுதிப்படுத்தும் ஆவணம் அல்ல. அது இல்லாமலும் வாக்களிக்கலாம். அது மட்டும் இருந்தால் வாக்களிக்க முடியாது. அட்டை வந்து சேராதவர்கள் தங்கள் பகுதித் தபாலகத்தில் கேளுங்கள். விநியோகிக்கப்படாத அட்டைகள் அங்கேதான் இருக்கும், அடையாளத்தைக் காட்டி இன்றும் எடுக்கலாம். போக நேரமில்லாவிட்டால் விட்டுவிட்டு நேரே வாக்களிப்பு நிலையத்துக்குப் போங்கள்.

அங்கே ஏற்றுக்கொள்ளப்படுவது என்ன? முதலாவது, ஆட்பதிவுத் திணைக்களம் வழங்கிய தேசிய அடையாள அட்டை. பழைய லெமினேட் அட்டையா புதிய பிளாஸ்ரிக் அட்டையா என்பது பிரச்சினையில்லை. முகமும் இலக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் செல்லுபடியான கடவுச்சீட்டு அல்லது செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஓய்வூதியர் அட்டையும் முதியோர் அடையாள அட்டையும் உதவும். மதகுருமாருக்கு ஆட்பதிவுத் திணைக்களம் கொடுக்கும் அட்டை உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு ஆணைக்குழு வழங்கிய அட்டையும், அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு இந்தத் தேர்தலுக்கென அது வழங்கிய தற்காலிக அட்டையும் செல்லும்.

இளையவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு ஆவணம் இருக்கிறது. அடையாள அட்டை அச்சாகி வருவதற்கு முன்னர், ஆட்பதிவுத் திணைக்களம் சிலருக்குத் தகவல்களை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றைப் புகைப்படத்துடன் கொடுத்தது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் போனபோது இப்படிக் கடிதம் பெற்றவர்கள் உங்களுக்குள் இருப்பீர்கள். அட்டை இன்னும் கைக்கு வராவிட்டால் அந்தக் கடிதத்தை எடுத்துச் செல்லலாம். பாடசாலை அதிபர் எழுதிக் கொடுத்த கடிதத்தை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். திணைக்களம் கொடுத்ததுதான் செல்லும், அதிபர் கொடுத்தது செல்லாது.

செல்லாதவற்றை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நேற்று நான் கண்ட பிள்ளைகளின் கையில் இருந்தவை பெரும்பாலும் அவைதான். ஜீ.எஸ் எழுதிய வதிவிடச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், வேலை செய்யும் கம்பனியின் அட்டை, கம்பஸ் அட்டை. இவற்றில் ஒன்றும் உதவாது. போனில் இருக்கும் ஐசிப் படம் இரண்டு வகையில் உதவாது. படம் ஆவணம் அல்ல. அதோடு, வாக்களிப்பு நிலையத்துக்குள் போனைப் பாவிக்கவே தடை.

கம்பஸ் அட்டை பற்றி அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2012 செப்டெம்பர் 8, கிழக்கு மாகாண சபைத் தேர்தல். நான் அப்போது ஊடகக் கற்கை படித்துக்கொண்டிருந்தேன். படமும் இலக்கமும் பல்கலைக்கழக முத்திரையும் உள்ள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பெரிய மனிதனாக வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அலுவலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது படிக்கப் போற இடத்துக்குத் தம்பி, ஐசிய எடுத்துக்கொண்டு வாங்க" என்றார். ஐசி விடுதியில் கிடந்தது. விடுதிக்குச் சைக்கிளில் போய்வரும் தூரம் என்பதால் அன்று தப்பினேன். கிழக்கில் அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் ஒன்று நடக்கவே இல்லை. சபையின் காலம் 2017 இல் முடிந்தது. அன்று நான் சோம்பேறித்தனத்தில் திரும்பிப் போயிருந்தால், அந்த வாக்கை இன்றுவரைக்கும் போட்டிருக்க மாட்டேன்.

கிரானில் இது ஏன் மற்ற இடங்களைவிடச் சிக்கலாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்று முதல்தடவை வாக்களிக்கும் பிள்ளைகளில் அநேகமானோர் 2004, 2005 இல் பிறந்தவர்கள். 2006 கடைசியிலும் 2007 இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்தபோது இவர்கள் கைக்குழந்தைகள். குடும்பிமலை இராணுவத்தின் கையில் வீழ்ந்தது 2007 ஜூலையில். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்து, பிறகு ஊர் திரும்பிய தலைமுறை இது. அந்த ஓட்டத்தில் பானை சட்டியோடு பத்திரங்களும் போயின. பிறப்பைப் பதிய நேரமில்லாத வீடுகளும் இருந்தன. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் காலம் கடந்த பதிவு செய்ய வேண்டும். அதுவும் முடியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். அதை வைத்துத்தான் அடையாள அட்டைக்கு விண்ணப்பம். பாடசாலையில் இருந்தால் அதிபர் மூலம், இடையில் விலகியிருந்தால் ஜீ.எஸ் மூலம், பிரதேச செயலகம் ஊடாக. கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகம் கிரானில் இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் உள்ள கிராமங்களிலிருந்து ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். ஒன்பதாம் தரத்தோடு வயலுக்கும் மாட்டுப் பட்டிக்கும் போன பொடியனுக்குப் பதினெட்டு வயதிலும் ஐசி இல்லை என்றால், அதை அவனுடைய அசட்டை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அப்படி அட்டையே எடுக்காதவர்களுக்கு இன்று காலை நான் சொல்லக்கூடியது குறைவு. தற்காலிக அட்டைக்கு ஜீ.எஸ் ஊடாகப் படத்தோடு விண்ணப்பிக்கும் காலம் சில நாட்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. விண்ணப்பித்துவிட்டு வாங்காமல் விட்டவர்கள் இருந்தால், விடிந்ததும் ஜீ.எஸ் வீட்டுக்குப் போங்கள். எதுவுமே செய்யாதவர்கள் திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போங்கள். உள்ளூராட்சித் தேர்தல் ஒன்று நிலுவையில் கிடக்கிறது, மாகாண சபைத் தேர்தலும் என்றோ ஒருநாள் வரத்தான் வேண்டும்.

ஐசி இருந்தும் வாக்கு இல்லாத இன்னொரு கூட்டம் உண்டு. பதினெட்டு வயது நிறைந்துவிட்டால் வாக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள். வாக்கு வயதால் மட்டும் வருவதில்லை, இடாப்பில் பெயர் இருப்பதால் வருகிறது. இன்றைய தேர்தல் 2024 ஆம் ஆண்டின் வாக்காளர் இடாப்பில் நடக்கிறது. அந்த இடாப்பு இந்த வருடத் தொடக்கத்தில் பதினெட்டு நிறைந்தவர்களை வைத்துத் தயாரானது. நேற்று முன்தினம் பிறந்தநாள் கொண்டாடியவர் இன்று வரிசையில் நின்று பயனில்லை. 2021 இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வருடத்தின் இடையில் பதினெட்டை எட்டுபவர்களைக் குறைநிரப்பு இடாப்புகளில் சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் அதற்கும் ஜீ.எஸ் இடம் போய்ப் பதிய வேண்டும், தானாக நடக்காது. உங்கள் பெயர் இருக்கிறதா என்று elections.gov.lk தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். முறுத்தானைப் பக்கம் சிக்னல் எடுக்காது என்று தெரியும். கிரான் சந்திக்கு வந்திருப்பவர்கள் வீட்டிலுள்ள எல்லாருடைய இலக்கத்தையும் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பதிந்த இடம் எதுவோ அங்கேதான் வாக்கு. இதுவும் கிரானில் ஒரு பெரிய சங்கதி. பிள்ளைகளின் படிப்புக்காகக் கிரானிலோ சந்திவெளியிலோ வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் பல, பதிவில் இன்னும் குடும்பிமலை, திகிலிவெட்டை, பொண்டுகள்சேனை என்றே இருக்கின்றன. நிவாரணம், காணிப் பத்திரம், பட்டி எல்லாம் அங்கே என்பதால் பதிவை மாற்றுவதில்லை. அது நியாயம்தான். ஆனால் இன்றைக்கு அவர்கள் ஆற்றைக் கடக்க வேண்டும். நவம்பர் நடுப்பகுதி, மாரி தொடங்கிவிட்டது. கிரான் புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் ஏறினால் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சந்திவெளியிலிருந்து திகிலிவெட்டைக்குப் படகில்தான் போக வேண்டும், படகுக்கும் வரிசை நிற்கும். மதியத்துக்குப் பிறகு மழை பிடிக்கும் பருவம் இது. ஆற்றைக் கடப்பவர்கள் காலையிலேயே கடந்துவிடுங்கள். மூன்று மணிக்குக் கரையில் நின்று வானத்தைப் பார்க்கும் நிலைமை வேண்டாம்.

ஏற்றிப் போக வான் வரும், லேண்ட்மாஸ்டர் வரும் என்று சில ஊர்களில் ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறார்களாம். கட்சிக்காரர் வாக்காளர்களை ஏற்றி இறக்குவது தேர்தல் சட்டப்படி குற்றம். ஏறியவர் வாகனக்காரர் சொன்னவருக்குத்தான் போட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். இருந்தாலும் ஊருக்குள்ளேயே சேர்ந்து காசு போட்டு ஒரு வாகனம் பிடிப்பது நிம்மதி.

கொழும்பு, கட்டுநாயக்க, பியகமப் பக்கம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு விசயம். தபால் மூல வாக்கு தேர்தல் கடமையிலும் குறித்த சில அரச சேவைகளிலும் உள்ளவர்களுக்குத்தான். கார்மென்ட் பிள்ளைகளுக்கும் ஹோட்டல் பிள்ளைகளுக்கும் அது இல்லை, ஊருக்கு வந்துதான் போட வேண்டும். அதற்குச் சம்பளத்தோடு லீவு தர வேண்டிய கடமை தொழில் தருநருக்கு உண்டு. வேலையிடத்திலிருந்து வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150 இற்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து கிரானுக்கு வருபவருக்கு இரண்டு நாள் என்பதில் சந்தேகமில்லை. அந்த லீவை எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். வாயால் கேட்டு, சுப்பவைசர் "நாளைக்குப் பாப்பம்" என்று சொன்னதோடு விட்டவர்கள்தான் நேற்று அதிகம் புலம்பினார்கள். வராமல் நின்றதாகச் சம்பளம் வெட்டப்பட்டால், கேட்ட கடிதத்தின் பிரதி இருந்தால்தான் கதைக்க முடியும். நாளை வெள்ளிக்கிழமை போயா, அதற்கும் விடுமுறை. ஆகையால் திரும்பிப் போகும் பஸ்ஸில் இடம் கிடைப்பது கஷ்டம். வாக்கைப் போட்டுவிட்டு சீற்றைப் பற்றி யோசியுங்கள்.

இனி உள்ளே நடப்பது. முதல்தடவை போகிறவர்களுக்கு அந்த அறை கொஞ்சம் பயமாக இருக்கும். வாசலில் பொலிஸ், உள்ளே நீளமான மேசை, ஒரு பக்கத்தில் கட்சிகளின் முகவர்கள். முதலாவது அலுவலர் உங்கள் அடையாள அட்டையைப் பார்ப்பார், இடாப்பில் உங்கள் இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசிப்பார். முகவர்கள் கேட்பதற்காகத்தான் அந்தச் சத்தம், உங்களை மிரட்டுவதற்கு அல்ல. ஐசியில் ஒரு எழுத்து, இடாப்பில் வேறு எழுத்து என்று சின்ன வித்தியாசம் இருப்பது எங்கள் பக்கம் சகஜம். சிங்களத்தில் எழுதி மீண்டும் தமிழுக்கு வரும்போது "ழ" எல்லாம் "ல" ஆகிவிடும். பதறாமல் முகவரியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் நிலையப் பொறுப்பதிகாரி உங்களிடம் கேள்வி கேட்கலாம், பிரகடனம் ஒன்றில் கையெழுத்தும் கேட்கலாம். பிறகு இடது கை விரலில் மை பூசுவார்கள், அதற்கடுத்து வாக்குச்சீட்டு.

உங்கள் பெயரில் ஏற்கனவே யாரோ போட்டுவிட்டதாகச் சொன்னால் அழுதுகொண்டு வெளியே வராதீர்கள். பொறுப்பதிகாரியிடம் சொல்லி, உங்கள் அடையாளத்தைக் காட்டி, வேறொரு சீட்டில் வாக்களிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தச் சீட்டு பெட்டியில் போகாது, தனியாக வைக்கப்படும். இன்றைய எண்ணிக்கையிலும் சேராது. ஆனால் ஆள்மாறாட்டம் நடந்தது என்பதற்கு அது எழுத்திலான பதிவு. 2000 களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் மற்றவர்களின் வாக்குகள் எப்படிப் போடப்பட்டன என்று உங்கள் தாய் தகப்பனிடம் கேட்டால் தெரியும்.

வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியதும் அதில் உத்தியோகபூர்வ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத சீட்டு எண்ணும்போது கழிக்கப்படும். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே கேளுங்கள். சீட்டு நீளம். மட்டக்களப்பு மாவட்டத்தின் 5 ஆசனங்களுக்கு இம்முறை 392 பேர் போட்டியிடுகிறார்கள். ஒவ்வொரு பட்டியலிலும் 8 பேர் என்றால் 49 பட்டியல்கள். அவ்வளவு சின்னங்களுக்குள் தேட நேரம் எடுக்கும், எடுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இங்கேதான் செப்டெம்பர் மாத வாக்காளர் தடுமாறப் போகிறார் என்று எனக்குப் பயம். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கம் இடலாம் என்று படிப்பித்தோம். இன்றைக்கு அந்தக் கணக்கு இல்லை. நீங்கள் விரும்பும் கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு எதிரே உள்ள கூட்டில் ஒரே ஒரு புள்ளடி. இது கட்டாயம். அதன் பிறகு, விரும்பினால், அதே பட்டியலில் உள்ள வேட்பாளர்களில் கூடியது மூவரின் இலக்கங்களில் புள்ளடி இடலாம். சீட்டின் கீழே இலக்கங்கள் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. ஆகவே இலக்கத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போக வேண்டும். கட்சிக்குப் புள்ளடி இடாமல் விருப்பு இலக்கங்களில் மட்டும் இட்டால் முழுச் சீட்டும் கழிபடும். விருப்பு வாக்கை மூன்றுக்கு மேல் இட்டால் விருப்பு வாக்குகள் கழிபடும், கட்சி வாக்கு நிற்கும். இரண்டு கட்சிகளுக்கு இட்டால் எல்லாமே போய்விடும். உங்களை அடையாளம் காட்டும் விதமாகப் பெயர், கையெழுத்து, செய்தி எதையும் எழுத வேண்டாம். வேட்பாளரைத் திட்டி எழுதுவதும் வாக்கைக் கழிப்பதில்தான் முடியும். 2020 பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் 744,373 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. மட்டக்களப்பு மாவட்டத்தில் பதிந்துள்ள மொத்த வாக்காளர்களே இம்முறை 449,686 பேர்தான்.

"ஒரு ஆள் போடாட்டி என்ன மாறப்போகுது" என்று கோராவெளிப் பக்கத்துப் பொடியன் ஒருவன் கேட்டான். கேள்வி நியாயமானது, வசனம் பேசி மழுப்பக் கூடாது. 2020 கணக்கைச் சொன்னேன். அந்தத் தேர்தலில் மட்டக்களப்பில் இலங்கைத் தமிழரசுக் கட்சி 79,460 வாக்குகள் பெற்று இரண்டு ஆசனங்களை எடுத்தது. தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் 67,692 வாக்குகளுக்கு ஒன்று. முஸ்லிம் காங்கிரஸ் 34,428 வாக்குகளுக்கு ஒன்று. கடைசி ஆசனம் 33,424 வாக்குகளோடு பொதுஜன பெரமுனவுக்குப் போனது. அடுத்து நின்ற அணி சுமார் 31,000 வாக்குகள் எடுத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் இடையில் இருந்த தூரம் இரண்டாயிரத்து நானூறு வாக்குகள் அளவில்தான். எங்கள் முறையில் முதலாவதாக வருபவருக்கு ஒரு போனஸ் ஆசனம், மிச்சம் வாக்கு விகிதப்படி, கடைசியில் மீதி வாக்கு அதிகம் உள்ளவருக்கு. ஆகவே மாவட்டத்தின் ஐந்தாவது ஆசனம் எப்போதும் சில கிராமங்களின் எண்ணிக்கையில்தான் தொங்கும். யாருக்குப் போவது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தூரத்தைப் பாருங்கள் என்கிறேன்.

பொடியன் விடவில்லை. "எங்கட வீட்டாக்கள் 2005 இல போடாமத்தானே இருந்தவ" என்றான். உண்மை. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் பகிஷ்கரிப்போடு, மட்டக்களப்பு மாவட்டத்தில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நாட்டின் முடிவு இரண்டு இலட்சத்துக்கும் குறைந்த வாக்குகளால் தீர்மானிக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்தது எதற்கு அந்தத் தேர்தல் மட்டும்தான் காரணம் என்று சொல்ல நான் தயாரில்லை, வரலாறு அவ்வளவு நேர்கோடு இல்லை. ஆனால் அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் போவதா விடுவதா என்று தீர்மானிக்கும் சுதந்திரம் இருக்கவில்லை. இன்று அவர்களின் பிள்ளைகளுக்கு இருக்கிறது. போகாமல் இருப்பதும் ஒரு தீர்மானம்தான், அதை மதிக்கிறேன். ஐசி கொழும்பில் மறந்துபோய்க் கிடப்பதால் போகாமல் விடுவது தீர்மானமே அல்ல.

அதற்கு நேற்றுக் கண்ட ஒரு பிள்ளையின் கதை. வயது இருபது, ஊர் திகிலிவெட்டைப் பக்கம், வேலை கட்டுநாயக்கவில் ஒரு தொழிற்சாலையில். செவ்வாய்க்கிழமை இரவு ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறியவள், புதன் காலை கிரானில் இறங்கித்தான் பார்த்திருக்கிறாள். பர்ஸில் கம்பனி அட்டை இருக்கிறது, ஐசி போர்டிங் அலுமாரியில். அறைத் தோழி படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதைப் போட்டோ கொப்பிக் கடையில் பிரின்ற் எடுத்து, லெமினேற்றும் செய்து வைத்திருந்தாள். எண்பது ரூபாய் முடிந்ததாம். பார்க்க ஐசி மாதிரியே இருந்தது, அதனால்தான் இன்னும் ஆபத்து. அது செல்லாது என்றதும் முகம் விழுந்துவிட்டது.

வேறு என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். லைசன் இல்லை. தற்காலிக அட்டைக்குக் காலம் முடிந்தது. போன வருடம் குவைத்துக்குப் போக என்று ஏதாவது செய்தீர்களா என்று கேட்டபோதுதான் தாய்க்கு ஞாபகம் வந்தது. "பாஸ்போட் எடுத்தம் தம்பி, அது ஏஜன்சிக்காரன்ட கையில கிடக்கு." போகாமல் விட்ட பயணம், திரும்பி வாங்காத கடவுச்சீட்டு. பத்து வருடத்துக்குச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வாழைச்சேனையில் ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்க, இங்கே லெமினேற் பண்ணிய படத்தோடு பிள்ளை நிற்கிறாள். மற்றவருடைய கடவுச்சீட்டை வைத்திருக்க அந்த ஆளுக்கு என்ன உரிமை என்பது இன்னொரு நாள் எழுத வேண்டிய கதை.

இரவு எட்டரைக்கு அண்ணன்காரன் மோட்டார் சைக்கிளில் வாழைச்சேனைக்குப் போனான். ஆள் வீட்டில் இல்லை, செங்கலடிக்குப் போய்விட்டாராம். காத்திருந்திருக்கிறான். பத்தே முக்காலுக்கு எனக்கு அழைப்பு வந்தது. கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டது, படமும் திகதியும் சரி, முதல் பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும் தேத்தண்ணிக் கறை, பிரச்சினை இருக்குமா என்று கேட்டான். முகமும் இலக்கமும் தெரிகிறதா என்றேன். தெரியுது என்றான். நாலு பேருமாக ஆறரைப் படகில் போவதாகச் சொல்லி வைத்தான்.